கதவு திறந்ததும் விழும் கோடு

புதன்கிழமை காலை என்றாலே எனக்குப் பயம்தான். ஞாயிற்றுக்கிழமை வெளியான எபிசோடை எத்தனை பேர் எந்த இடத்தில் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார்கள் என்று காட்டும் வரைபடத்தின் கோடு அன்றைக்குத்தான் நம்பும்படியாக வந்து சேரும். டயர் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் இரண்டறை ஆபீஸில், ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு, நானும் என் தம்பியும் அந்தக் கோட்டைப் பார்ப்போம். டீ ஆறிப்போகும். நாங்களும்தான்.

தம்பிதான் டைரக்டர். கதை எழுதுகிறவனும் அவனே, தயாரிப்பாளரும் அவனே, எபிசோடை இணையத்தில் ஏற்றுகிறவனும் அவனே. நான் எடிட்டர். எங்கள் தொடர், ஒரே மாடிக் குடியிருப்பில் இருக்கிற நாலு வீட்டுக்காரர்களின் கதை. வாரம் ஒரு எபிசோட், இருபது நிமிடம். ஒரு வாரம் முழுக்க நாயாகப் பேயாக அலைந்து அவன் எடுப்பான். கழுத்து ஒடிய உட்கார்ந்து நான் வெட்டி ஒட்டுவேன். யாரோ ஒரு மகராசன் பேருந்தில் போகிறபோது அதைத் திறந்து, முப்பது விநாடி பார்த்துவிட்டு மூடிவிடுவான்.

கோட்டைப் படிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நூற்றுக்கு நூறில் தொடங்கும். அரை நிமிடத்துக்குள் எழுபதுக்கு வந்துவிடும். அது எல்லாருக்கும் விழுகிற அடிதான், அதற்காக யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம். அதற்குப் பிறகு எப்படி இறங்குகிறது என்பதுதான் விஷயம். மெல்ல மெல்லச் சரிந்தால் அலுப்பு. சட்டென்று குழி விழுந்து மறுபடி பழைய உயரத்துக்கு ஏறினால், அந்த இடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் டைட்டில் பாட்டில் அப்படி ஒரு குழி இருந்தது. பாட்டைத் தூக்கி எறிந்தேன், குழியும் போனது. படியில் விழுந்த மாதிரி ஒரே அடியாக இறங்கி அங்கேயே கிடந்தால், போனவர்கள் போனவர்கள்தான், திரும்ப மாட்டார்கள்.

மேடும் வரும். ஒரு தடவை சமையலறைச் சண்டையில் ஒரு மேடு வந்தது. பார்த்தவர்கள் பின்னால் ஓட்டி மறுபடி மறுபடி பார்த்திருக்கிறார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியாக்கா, என் வசனத்தை ரெண்டு மூணு தடவை கேட்டிருக்காங்க!” என்று குதித்தான். நான் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். குழாய் தண்ணீர் சத்தத்தில் வசனம் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல்தான் பாவம் பின்னால் ஓட்டியிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் புதன்கிழமை அவன் கோட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“மறுபடியும் அதே இடம்தான்க்கா,” என்றான்.

அதே இடம் என்றால் அம்மா வரும் இடம்.

எங்கள் கதையில் எதிர்வீட்டம்மா என்று ஒரு பாத்திரம். தனியாக இருக்கிறவள். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு தடவை தன் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து, எதையாவது மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். முதலில் நடிக்க வேண்டியவள் வராமல் போனதால், அவசரத்துக்கு எங்கள் அம்மாவை நிற்க வைத்தோம். கேமரா என்று ஒன்று எதிரில் இருப்பதே தெரியாத மாதிரி அம்மா பேசினாள். ஒரு வரி சொல்வாள், நிறுத்துவாள், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் அடுத்த வரி. கேமராக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே அந்தப் பாத்திரம் அம்மாவுக்கு என்று ஆகிவிட்டது. ஆயுசில் முதல் தடவையாக அம்மாவுக்கு என்று ஒரு வேலை. ஷூட்டிங் நாளில் விடியும் முன்பே குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் கோடு வேறு கதை சொன்னது. அந்தக் கதவு திறக்கும் இடத்தில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மூச்சில் போய்விடுகிறார்கள். எட்டாவது நிமிடத்தில் கதவு திறந்தது, எட்டாவது நிமிடத்தில் கோடு விழுந்தது. சரி, கதை அந்த இடத்தில் தொய்கிறது போல என்று அடுத்த எபிசோடில் அம்மாவைப் பத்தாவது நிமிடத்துக்குத் தள்ளினேன். பத்தாவது நிமிடத்தில் விழுந்தது. அதற்கடுத்ததில் ஆறாவது நிமிடத்துக்கே கொண்டுவந்தேன். ஆறாவது நிமிடத்தில் விழுந்தது. அவள் நடந்து வருவதை வெட்டினேன், நிறுத்தி நிறுத்திப் பேசுவதை வெட்டினேன். அம்மா எங்கே போனாலும் அந்தப் பாழாய்ப்போன கோடு பின்னாலேயே போய் அங்கே விழுந்தது.

“வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே விழுதுக்கா. முகத்தைப் பாத்ததுமே போயிடறாங்க,” என்றான் தம்பி. “முதல் நாலு எபிசோட்ல அப்படி இல்ல. அப்ப புதுசா இருந்துது, பிடிச்சுது. இப்ப அலுத்துப்போச்சு.”

“அதுக்கு?”

“அடுத்த வாரம் வியாழக்கிழமை ஷூட்ல ஒரு வரி. எதிர்வீட்டம்மா மக வீட்டுக்குப் போயிட்டாங்க. முடிஞ்சுது.”

“டேய், அது அம்மாடா.”

“எனக்குத் தெரியாதா? நம்ம தொடரை வாங்கறேன்னு வந்த கம்பெனிக்காரன் என்ன சொன்னான்? பாதிப் பேராவது கடைசி வரைக்கும் உக்காந்தாதான் அடுத்த சீசனை எடுத்துக்குவேன்னான். நம்ம நாப்பத்தி நாலுல நிக்கறோம். அந்த ஒரு இடம் சரியானா அம்பதைத் தொட்டுரும். நீயே கணக்குப் போட்டுப் பாரு.”

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்றுதான் திரும்பினேன். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம். மூன்று நாளாக அதே சட்டை. வாயில் வந்த வசவை விழுங்கிவிட்டேன். பொய் சொல்லவில்லையே அவன். கோட்டை நானும்தானே பார்க்கிறேன்.

“நீயே அம்மாகிட்ட சொல்லிடுக்கா. உன்கூடத்தானே இருக்காங்க,” என்றான் கடைசியாக. எவ்வளவு வசதி பாருங்கள். மீன் பிடிப்பது அவன், முள் எடுப்பது நான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “என்னம்மா, அடுத்த சீன் வசனம் பாத்தியா?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

“எனக்கு ஏது அடுத்த சீன்? அதைச் சொல்லத்தானே முகத்தை இப்படி வச்சுக்கிட்டு வந்திருக்கே,” என்றாள் அம்மா, தலையணை உறையை உதறிக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு சொன்னா?”

“உன் தம்பிதான். இன்னிக்கு இல்ல, போன மாசமே காட்டினான். கம்ப்யூட்டர்ல ஒரு கோடு. இந்த இடத்துல நீ வர்றம்மா, இந்த இடத்துல எல்லாரும் எந்திரிச்சுப் போயிடறாங்க, கொஞ்சம் வேகமாப் பேசிப் பாரேன்னான். நானும் வேகமாத்தான் பேசிப் பாத்தேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி மூன்று எபிசோடுகளாக அம்மாவின் காட்சிகள் அளவில் குறைந்தே வந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிடத்துக்கு எழுதியது ஒன்றே கால் நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு வெட்டுகிற வேலை மிச்சம் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவள் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அவனுக்கு என்ன திமிர் இருந்தா உன்கிட்ட போய் அதைக் காட்டுவான்!” என்று கத்தினேன்.

“ஏன்டி கத்தறே? அவன் என்ன பண்ணுவான், அவன் பொழப்பு அது.” அம்மா அடுத்த துணியை எடுத்தாள். “இதுல என்ன புதுசு இருக்கு? நான் பேச ஆரம்பிச்சாலே உங்கப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவாரு. இல்லேன்னா சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. அப்ப ஒருத்தரு போனாரு, இப்ப ஆயிரம் பேரு போறாங்க. அப்ப அதுக்கு யாரும் கோடு போட்டு வைக்கல, அவ்வளவுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி. துணி மடிக்க ஒரு கை கொடுத்தேன்.

மறுநாள் காலை கண் எரிச்சல் தாங்காமல் கண் டாக்டரிடம் போனேன். நாள் முழுக்கத் திரையைப் பார்த்தால் கண் என்ன கல்லா? வரவேற்பு மேசையில் ஒரு பெண், டோக்கன் கொடுத்துவிட்டு, போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்த குரல் எனக்கு மனப்பாடம். எங்கள் எபிசோட்தான்.

இந்த வேலையில் எத்தனையோ காலமாக இருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் எபிசோடைப் பார்ப்பதை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. நூற்றுக்கு இத்தனை, ஆயிரத்துக்கு இத்தனை என்றுதான் எனக்கு அவர்களைத் தெரியும். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு எட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிச் சண்டைக்குச் சிரித்தாள். இதோ, எதிர்வீட்டுக் கதவு வரப்போகிறது. எழுந்து போய்விடாதே தாயே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

கதவின் கைப்பிடி திரும்பியது. படம் நின்றது. பற்பசை விளம்பரம் ஒன்று பளீரென்று வந்தது.

“சே, இதுக்கு வேற வேலை இல்ல,” என்று அந்தப் பெண் முகம் சுளித்தாள். தள்ளிவிடப் பார்த்தாள், முடியவில்லை. பற்பசை முடிந்ததும் அதன் பின்னாலேயே வீட்டுக்கடன். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அடுத்த டோக்கன் யாருங்க?” என்றாள். அப்புறம் ஒருவர் சீட்டைக் கொடுத்தார், இன்னொருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அந்த போனை அவள் மறுபடி எடுத்தபோது எங்கள் எபிசோடை மூடிவிட்டு வேறு எதையோ திறந்தாள்.

“ஏங்க, அதை முழுசாப் பாக்கலையா?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

“எதை? ஓ, அதுவா. நல்லாத்தான் இருக்கும். அந்த எதிர்வீட்டம்மா வர்ற நேரத்துக்கு விளம்பரத்தைப் போட்டுடறாங்க. எனக்கு இங்க வேலை வந்துரும். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து,” என்றாள்.

டாக்டரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன். என் கண்ணில் இருந்த பெரிய கோளாறு அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆபீஸ் படியில் மூச்சு வாங்க ஏறினேன். தம்பி போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். போனை வாங்கி வைத்தேன்.

“விளம்பரம் எங்கடா வைக்கறே?”

“என்னது?”

“எபிசோட் நடுவுல வர்ற விளம்பரம். எந்த இடத்துல வைக்கறே?”

“நடுவுல ஒரே ஒரு இடத்துலதான்க்கா. அது பாட்டுக்குத் தானா வச்சா வசனத்துக்கு நடுவுல வந்து விழும்னு நானே கையால வைக்கறேன். எங்க சத்தமில்லாம ஒரு இடைவெளி இருக்கோ அங்க...” அவன் குரல் இறங்கியது.

எங்கள் எபிசோடிலேயே சத்தமில்லாத இடைவெளி ஒன்றே ஒன்றுதான் உண்டு. எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போது இரண்டு விநாடி. யாரும் பேச மாட்டார்கள், இசையும் இருக்காது. நான்தான் அப்படி வைத்திருந்தேன், அம்மா வருகிறாள் என்று மரியாதையாக. அவனும் வாரா வாரம் அந்த மரியாதையான இடத்தைத் தேடிப்பிடித்து அதில் பற்பசையைச் சொருகியிருக்கிறான். நான் அம்மாவை எந்த நிமிடத்துக்கு நகர்த்தினேனோ, விளம்பரமும் கூடவே நகர்ந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எங்கள் இருவருக்கும் இது தெரியாமல் போனது எப்படி என்று கேட்பீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் எங்கள் போன்களிலும் இருப்பது மாதக் கட்டணம் கட்டி விளம்பரம் இல்லாமல் பார்க்கிற கணக்கு. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் நாளெல்லாம் வீடியோ பார்க்க வேண்டுமே, யார் விளம்பரத்தைச் சகித்துக்கொண்டிருப்பது? ஊரே விளம்பரத்தோடு பார்க்கிற எபிசோடை, எடுத்தவர்கள் நாங்கள் மட்டும் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

எபிசோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். விளம்பரம் வைத்த குறியையும் கோடு விழுந்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இம்மி பிசகவில்லை. முதல் நாலு எபிசோடுகளுக்கு எங்கள் சேனலில் விளம்பரம் போடும் அனுமதியே வந்திருக்கவில்லை. அம்மா புதுசாக இருந்ததால் பிடித்தது என்று இவன் சொன்னதெல்லாம் அந்த லட்சணம்தான். ஒரே ஒரு எபிசோடில் அம்மா இரண்டு தடவை கதவைத் திறக்கிறாள். விளம்பரம் வந்த முதல் தடவை விழுந்த கோடு, அது இல்லாத இரண்டாம் தடவை அசையக்கூட இல்லை. இத்தனை நாள் அது எங்கள் மூக்குக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

தம்பி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். “இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே,” என்றான். “விளம்பரத்தை எடுத்துட்டா விழாதுன்னு என்ன நிச்சயம்? ரெண்டும் ஒரே இடத்துல இருந்திருக்கு. பாதி விளம்பரத்தால, பாதி அம்மாவால இருந்தா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது.

“ஞாயித்துக்கிழமை எபிசோட்ல விளம்பரத்தை வேற இடத்துல வை,” என்றேன். “அம்மா சீனை என் இஷ்டத்துக்கு வெட்டறேன். புதன்கிழமை கோட்டைப் பாப்போம். அம்மா வர்ற இடத்துல அப்பவும் விழுந்தா, மறுநாள் நானே அம்மாவை மக வீட்டுக்கு அனுப்பறேன். விழலேன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“கம்பெனிக்காரனுக்கு இந்த எபிசோடைத்தான் காட்டணும்க்கா. இதுல போய் விளையாடணுமா?”

“ஆமா.”

அவன் விளம்பரத்தை மாடிப்படிக் காட்சிக்கு மாற்றினான். கதாநாயகி படியில் உட்கார்ந்து அழுகிற இடம். வேறு இடைவெளி கிடைக்கவில்லை.

நான் அம்மாவின் காட்சியைத் திறந்தேன். வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேனே தவிர, அதைப் பார்த்ததும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. போன வாரம் எடுத்தது அது. அம்மா கதவைத் திறக்கிறாள், வசனத்தை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறாள், எதிரே நிற்பவளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்துகிறாள். யாரோ பின்னால் நின்று விரட்டுகிற மாதிரி. அவள் நிறுத்தி நிறுத்திப் பேசியபோது நான் வெட்டினேன். இப்போது ஒட்டலாம் என்று பார்த்தால் நிறுத்தமே இல்லை.

மற்ற டேக்குகளைத் தோண்டினேன். ஒன்றில், ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால் கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி சும்மா நின்று மூச்சுவிடுகிறாள். அதை எடுத்தேன். இன்னொன்றில் வசனம் மறந்துபோய், எதிரே இருந்த பெண்ணைப் பார்த்து லேசாகப் புன்னகைக்கிறாள். அதையும் எடுத்தேன். வரிகளைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவே கேட்கிறவளின் முகத்தை வைத்து, அந்த மூச்சையும் புன்னகையையும் சொருகினேன். ஒன்றே கால் நிமிடக் காட்சி இரண்டே கால் நிமிடம் ஆனது. கோட்டுக்குப் பயந்து எல்லாவற்றையும் குறுக்கிக்கொண்டே வந்தவள் நான். ஒரு காட்சியை வேண்டுமென்று நீட்டியது இதுதான் முதல் தடவை. இது விழுந்தால் அம்மாவை நானே என் கையால் வெளியே தள்ளினதாக ஆகும். அந்த நினைப்போடுதான் முடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டேன், சாப்பிட்டது எது என்று தெரியாது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அப்புறம் இல்லையென்று ஆனால் அதை எந்த முகத்தோடு சொல்வது?

புதன்கிழமை தம்பி எனக்கு முன்பே வந்து, கம்ப்யூட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். “நீயே தொற,” என்றான்.

திறந்தேன். நூறு. எழுபத்தொன்று. மெதுவாக இறங்கி, மாடிப்படிக் காட்சியில் ஒரே அடியாகப் பத்துப் புள்ளி விழுந்தது. அப்படியே நேராகப் போனது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் இடத்தில் கர்சரை வைத்தேன். ஒன்றுமில்லை. கோடு படுத்துக் கிடந்தது. இரண்டே கால் நிமிடமும் அப்படியே, ஒரு ஆள்கூட நகராத மாதிரி. மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன்.

“அக்கா,” என்றான் தம்பி. மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். போகட்டும் என்று விட்டேன். மொத்தக் கணக்கு நாற்பத்தாறுதான் காட்டியது, ஐம்பது இல்லை. கம்பெனிக்காரனிடம் என்ன சொல்வது என்பது அவன் பாடு. விளம்பரத்தை எபிசோடின் கடைசிக்குத் தள்ளலாம் என்று திரும்பி வந்து சொன்னான். சம்பாத்தியம் குறையும், ஆனால் கோடு நிற்கும்.

மறுநாள் ஷூட்டிங். வாடகைக்கு எடுத்த மாடி வீட்டில் கேமராக்காரர் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தன் காட்சி இல்லை என்றே நினைத்துக்கொண்டு அம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கடைசி நாள், வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன்.

“அம்மா, இங்க பாரு. இது நீ வர்ற இடம். யாரும் போகல. ஒருத்தர்கூடப் போகல. இத்தனை நாள் விழுந்தது நான் வச்ச விளம்பரத்தாலம்மா. தப்பு என்னோடது. நீ எங்கயும் போகல, கதையில இருக்கே,” என்று மூச்சுவிடாமல் சொன்னான்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். விரலை வைத்து, கோட்டை முதலிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். விழுந்த இடத்தில் விரல் நின்றது.

“இது யாரு வர்ற இடம்?”

“அது மாடிப்படி சீன்மா. நம்ம கதாநாயகி அழுவாளே, அது. அங்க இந்த வாரம் விளம்பரத்தை மாத்தி வச்சோம், அதான்.”

அம்மா தலையைத் தூக்கினாள். எதிர் மூலையில் அந்தப் பெண் கண்ணாடி முன்னால் நின்று, கையில் தாளை வைத்துக்கொண்டு, வசனத்தைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக நடிக்கிற பெண். முதல் வேலை அவளுக்கும்.

“அவகிட்ட இதைக் காட்டிடாதே,” என்றாள் அம்மா, தாழ்ந்த குரலில்.

“காட்டினா என்னம்மா? அது விளம்பரத்தாலதான்னு சொல்லிடலாமே.”

“சொல்லுவே. சொன்னா அவ நம்புவாளா?” அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். “நீங்க ரெண்டு பேரும் நான் பெத்த பிள்ளைங்க. பொய் சொல்ல மாட்டீங்க. கோட்டையும் நானே பாத்துட்டேன். எனக்கே இன்னும் நம்பிக்கை வரலியே.”

தம்பி லேப்டாப்பை மூடினான்.

“எதிர்வீட்டம்மா சீன் ரெடி!” என்று கேமராக்காரர் குரல் கொடுத்தார்.

“இதோ வந்துட்டேன், இதோ,” என்று அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் காக்க வைக்கக் கூடாதென்று, கதவைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.